ஒரே படம், மூன்று பெயர்கள்

புதுமனை புகுவிழாவில் குத்துவிளக்கு ஏற்றுவதை அப்பா தன் ஆண்ட்ராய்டு போனில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அம்மாவின் போனிலும் மகளின் ஐபோனிலும் அது தானாகச் சேமிப்பாகிவிடுகிறது. பின்னாளில் மூன்று போன்களையும் கணினியில் இறக்கினால் அப்பாவின் படம் 4000 x 3000 பிக்சலில், நான்கைந்து எம்பி இருக்கும். அம்மாவிடம் இருப்பது வாட்ஸ்அப் சுருக்கிய 1600 x 1200 பிரதி, சில நூறு கேபிதான், பெயர் IMG-20240115-WA0003.jpg என்பதுபோல இருக்கும். மகளிடம் அதே சுருங்கிய படம் IMG_0452 என்ற பெயரில், அவரே எடுத்ததைப் போலக் கிடக்கும்.

பெயரை நம்பிச் சேர்க்கக் கூடாது என்பது இதனால்தான். வீட்டில் இரண்டு ஐபோன் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டிலும் IMG_0452 இருக்கலாம், படங்களோ வேறு வேறு. ஒரே ஃபோல்டரில் போட்டு, மாற்றி எழுதவா என்று கணினி கேட்கும்போது சம்மதித்தால் ஒரு படம் போய்விடும். ஆகவே போனுக்கு ஒரு ஃபோல்டர் வைத்து, எல்லாவற்றையும் அப்படியே நகலெடுங்கள். அந்த மொத்தத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பத்திரப்படுத்திய பிறகே எதையும் அழிக்கத் தொடங்கலாம்.

அழிப்பதை இரண்டு சுற்றாகச் செய்ய வேண்டும். இலவச மென்பொருளான Czkawka இரண்டுக்கும் போதும். முதல் சுற்றில் அச்சு அசலாக ஒன்றுபோல் உள்ள கோப்புகளைத் தேடுங்கள். இவற்றில் எந்தப் பிரதியை அழித்தாலும் படத்துக்கு நஷ்டமில்லை. ஆனால் விளக்குப் படம் இந்தச் சுற்றில் சிக்காது. சுருக்கும்போதே கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் மாறிவிடுவதால், மென்பொருளுக்கு அவை வெவ்வேறு கோப்புகள்.

இரண்டாவது சுற்றுக்கு Similar Images என்ற தேடல் இருக்கிறது. இது கண்ணுக்குத் தெரியும் உருவத்தை ஒப்பிட்டு, விளக்குப் படங்களை ஒரே கூட்டமாகக் காட்டும். அதில் பிக்சல் அதிகமுள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் தேதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், பிரதியின் தேதி அசலைவிடப் புதிதாக இருக்கக்கூடும். எந்த கேமரா, எப்போது எடுத்தது என்ற விவரமும் பெரும்பாலும் அசலில்தான் இருக்கும். வாட்ஸ்அப் அதை நீக்கிவிடுகிறது. இந்தச் சுற்றை முழுக்க இயந்திரத்திடம் விடவும் கூடாது. தொடர்ச்சியாக எடுத்த நான்கு குழுப் படங்களும் ஒரே கூட்டத்தில் வந்து நிற்கும். ஒன்றில்தான் பாட்டி கண் திறந்திருப்பார், அதை நாம்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலையைக் குறைக்க நினைத்து வாட்ஸ்அப் ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊரிலிருந்து சித்தப்பா அனுப்பிய படங்களுக்கு உங்கள் வீட்டில் அசலே கிடையாது, அந்தச் சின்னப் பிரதி மட்டும்தான். கூட்டத்தில் சேராமல் தனித்து நிற்கும் WA படங்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். பெயரில் உள்ள தேதி படம் எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. பழைய படத்தைப் பிறகு அனுப்பியிருக்கலாம். சித்தப்பாவிடம் அசல் இன்னும் இருந்தால், வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் சுருங்காது, எடுத்த தேதியும் கூடவே வரும்.