ஸ்லைடு மாறும்போது பேசாதீர்கள்

போன வாரம் ஸ்லைடுகளைத் தயார் செய்தோம். இந்த வாரம் குரல். கருத்தரங்குக்கு ஐந்து நிமிடத்துக்குள் வீடியோ அனுப்ப வேண்டும், கையில் எட்டு ஸ்லைடு, மென்பொருள் பவர்பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம்.

பவர்பாயின்ட் உங்கள் பேச்சை ஒரே நீளமாகப் பதிவு செய்வதில்லை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனி ஒலித்துண்டு. ஒரு ஸ்லைடு போய் அடுத்தது வரும் அந்த முக்கால் நொடியில் குரல் பதிவாகாது. பேசிக்கொண்டே பட்டனைத் தட்டுகிறவரின் வீடியோவில் "அடுத்து நாம் பார்..." என்று பேச்சு அறுந்து, புது ஸ்லைடு பாதி வார்த்தையில் தொடங்குவது இதனால்தான். வாக்கியத்தை முடியுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், தட்டுங்கள், படம் நிலைத்த பிறகு பேசுங்கள். மாற்றத்துக்கு Fade போதும். பக்கம் புரளும் வித்தையெல்லாம் கல்யாண ஆல்பத்துக்கு.

மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்கும் இதுவே காரணம். தொடர்ந்து ஒலிக்கும் 'உஸ்' சத்தத்தைக் காது மன்னித்துவிடும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் அது சட்டென நின்று மறுபடி கிளம்பினால், எட்டு துண்டும் எட்டு ஒட்டாகக் கேட்கும். மே மாதத்தில் விசிறியில்லாமல் உட்காருவது கொடுமைதான். விடியற்காலையில் பதிவு செய்யுங்கள், தெருவும் அமைதியாக இருக்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி 'டப்' என்று கேட்கும்.

இனி நேரம். Slide Sorter காட்சியில் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் அது எடுத்துக்கொண்ட நேரம் தெரியும். கூட்டிப் பார்த்தால் 5 நிமிடம் 35 நொடி. பதறி எல்லாவற்றையும் வேகமாகப் பேசித் திரும்பப் பதிவு செய்ய வேண்டாம். நான்காவது ஸ்லைடு மட்டும் 1:15 ஓடியிருக்கிறது, அட்டவணையை வரிவரியாக வாசித்திருக்கிறீர்கள். பார்ப்பவருக்குப் படிக்கத் தெரியும். முக்கியமான ஒரு வரியை மட்டும் விளக்கினால் 30 நொடியில் முடியும். மொத்தம் 4:50. மிச்சமுள்ள பத்து நொடி, மாற்றங்கள் தின்னும் நேரத்துக்கு.

நான்காவது ஸ்லைடை மட்டும் மறுபடி பதிவு செய்ய, அதில் நின்று, Record-இல் From Current Slide கொடுத்துப் பேசுங்கள். முடித்ததும் அடுத்த ஸ்லைடுக்குப் போகாமல் அங்கேயே பதிவை நிறுத்துங்கள். தாண்டிப் போனால், ஐந்தாவதில் ஏற்கெனவே பேசியதன் மேல் புதுப் பதிவு ஏறிவிடும்.

கடைசியாக File, Export, Create a Video. அங்கே Use Recorded Timings and Narrations தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வந்த எம்பி4 கோப்பை ஹெட்போன் மாட்டி முழுசாகக் கேளுங்கள். எங்காவது ஒரு ஸ்லைடு ஐந்து நொடி ஊமையாக வந்து போனால், அதில் பதிவு விழவில்லை. நேரம் பதிவாகாத ஸ்லைடுக்கு மென்பொருள் தானாகக் கொடுப்பது அந்த ஐந்து நொடிதான்.