பணம் போகாததற்குக் காரணம் வங்கியா, கடையா?

இணையக் கடையில் ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்து, யுபிஐ வழியாகப் பணம் கட்டப் போகிறார் ஒரு பெண். திரையில் 'பணம் செலுத்த இயலவில்லை' என்று வருகிறது. கடைக்குப் போன் செய்தால், "உங்க பேங்க்ல சர்வர் பிரச்சினை மேடம்" என்கிறார்கள். வங்கியில் கேட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, கடைக்காரங்களைக் கேளுங்க" என்கிறார்கள். பெரும்பாலும் இரு தரப்புமே பதிவேட்டைப் பார்க்காமல் சொல்லும் பதில் இது. பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும். தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியும் இரண்டு அடையாளங்களை விட்டுச் செல்கிறது. ஒன்று, பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து வர வேண்டியிருந்தது என்பது. மற்றொன்று, பிழைக் குறியீடு. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தவறு யாருடையது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் பணம் போகும் வழியைப் பார்ப்போம். வாடிக்கையாளரின் செயலியிலிருந்து கிளம்பும் கோரிக்கை, அந்தச் செயலிக்குத் துணைநிற்கும் வங்கி வழியாக, யுபிஐ-யை நடத்தும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகமான என்பிசிஐ-க்குப் போகிறது. என்பிசிஐ, வாடிக்கையாளர் கணக்கு வைத்திருக்கும் வங்கியிடம் "இந்தத் தொகையைக் கழித்துக்கொள்" என்று கேட்கிறது. வங்கி கழித்துவிட்டால், கடையின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கடைசியாக, கடைக்காக இந்த வேலையைக் கவனிக்கும் பேமென்ட் கேட்வே நிறுவனம், "பணம் வந்துவிட்டது" என்ற செய்தியைக் கடையின் இணையதளத்துக்கு அனுப்புகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் அறுந்தாலும் வாடிக்கையாளர் காண்பது ஒரே வாசகத்தைத்தான். எங்கே அறுந்தது என்பதைக் குறியீடுதான் சொல்லும்.

யுபிஐ-யில் Z9 என்று வந்தால் கணக்கில் போதிய பணம் இல்லை. ZM என்றால் ரகசிய எண் தவறு. ZA என்றால் வாடிக்கையாளரே வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இவற்றில் வங்கிக்கும் குற்றமில்லை, கடைக்கும் குற்றமில்லை. XY என்றால் கணக்கு இருக்கும் வங்கியின் மைய கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் பதில் சொல்லவில்லை. என்பிசிஐ-யும் தோல்விகளை இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கிறது. தவறான ரகசிய எண், வரம்பு மீறிய தொகை போன்றவை வணிகக் காரணத் தோல்விகள். கம்ப்யூட்டரோ நெட்வொர்க்கோ செயல்படாமல் போனால் அது தொழில்நுட்பத் தோல்வி. இரண்டின் விகிதத்தையும் அது வங்கி வாரியாகத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் கடையின் சொந்தத் தவறுக்கு இடமில்லை. அதைக் கடைக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படி என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக எண்களை வட்டமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு புடவைக் கடைக்கு வழக்கமான வாரத்தில் 5,000 பணம் செலுத்தும் முயற்சிகள் வருகின்றன. அவற்றில் 350, அதாவது நூற்றுக்கு ஏழு, தோற்கின்றன. தீபாவளிக்கு முந்தைய ஒரு வாரத்தில் அதே 5,000 முயற்சிகளில் 700 தோற்றுவிட்டன. தோல்வி இரு மடங்கு. இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாரையும் குறை சொல்ல முடியாது. இதை வங்கி வாரியாகவும் குறியீட்டு வாரியாகவும் பிரித்தால் கிடைக்கும் அட்டவணை இது:

| வங்கி | முயற்சிகள் | வாடிக்கையாளர் காரணம் (Z9, ZM, ZA) | வங்கி பதிலில்லை (XY) | குறியீடே இல்லை | மொத்தத் தோல்வி |
|---|---|---|---|---|---|
| அ | 2,000 | 120 | 20 | 80 | 220 |
| ஆ | 1,500 | 90 | 165 | 60 | 315 |
| இ | 1,000 | 60 | 10 | 40 | 110 |
| ஈ | 500 | 30 | 5 | 20 | 55 |

அட்டவணையைப் படிக்கும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதத்தைப் பார்க்க வேண்டும். அ வங்கியில் 220 தோல்விகள், இ வங்கியில் பாதிதான். ஆனாலும் இரண்டும் நூற்றுக்குப் பதினொன்றுதான். அ வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள் அதிகம், அவ்வளவே. ஆ வங்கி மட்டும் நூற்றுக்கு இருபத்தொன்று. கடைக்காரரின் கண் உடனே அங்கே போய் நிற்கும். "பார்த்தீர்களா, ஆ வங்கிதான் காரணம்" என்று முடிவும் கட்டிவிடுவார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. XY பத்தியில் மற்ற வங்கிகள் எல்லாம் நூற்றுக்கு ஒன்று. ஆ வங்கி மட்டும் பதினொன்று. அதாவது வழக்கமான 15-க்குப் பதில் 165. இந்தக் கூடுதல் 150 தோல்விகள் சந்தேகமின்றி வங்கியுடையவை. ஆனால் வாரத்தின் கூடுதல் தோல்வி 350 ஆயிற்றே, மீதி 200 எங்கே? அடுத்த பத்தியில் இருக்கிறது. குறியீடே இல்லாத தோல்விகள் 80, 60, 40, 20. நான்கு வங்கிகளிலும் அச்சு அசலாக நூற்றுக்கு நான்கு. வழக்கமான வாரத்தில் இப்படி ஒரு பத்தியே கிடையாது.

தெருவில் ஒரு வீடு மட்டும் இருண்டால் அந்த வீட்டு ஃபியூஸைப் பார்ப்போம், தெருவே இருண்டால் டிரான்ஸ்பார்மரைப் பார்ப்போம். இங்கே வங்கிகள் தனித்தனி வீடுகள். எல்லா வங்கிகளிலும் ஒரே விகிதத்தில் ஒரு கோளாறு வந்தால், அது எல்லாருக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க முடியும். அந்தப் பொதுவான இடம் கடையின் தளம், அல்லது கேட்வே, அல்லது என்பிசிஐ. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடு முழுவதும் தடைப்பட்டதுபோன்ற நாள் என்றால், கடைக்கு வெளியேயும் பலருக்கு யுபிஐ வேலை செய்யாது. கார்டில் கட்டியவர்களுக்கு மட்டும் சிக்கல் இருக்காது. கார்டு, நெட் பேங்கிங் என எல்லா வழியிலும் அதே விகிதத்தில் தோல்வி என்றால் கடையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து நேரத்தைப் பார்க்க வேண்டும். ஆ வங்கியின் கூடுதல் 150 தோல்விகளும் ஒரே மாலையில், எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் நடந்தவை. திடீரென்று தொடங்கித் தானாகவே நின்றிருக்கின்றன. இது வங்கித் தடங்கலின் முகம். குறியீடில்லாத தோல்விகளோ செவ்வாய்க்கிழமை பிற்பகல் தொடங்கி வாரம் முழுக்க நீடித்திருக்கின்றன. அந்தச் செவ்வாய் பிற்பகலில்தான் கடை தன் இணையதளத்தைப் புதுப்பித்தது.

இனி சந்தேகத்தை உறுதி செய்வது எளிது. குறியீடில்லாத ஆர்டர்களில் சிலவற்றை எடுத்து, கேட்வேயின் பதிவில் அவற்றின் நிலை என்ன என்று தேட வேண்டும். இந்தக் கடையில் அவை எல்லாமே 'வெற்றி' என்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்க வங்கிக் குறிப்பு எண்ணும் இருந்தது. பணம் கழிந்து, கடையின் கணக்கிலும் ஏறிவிட்டது. "பணம் வந்தது" என்ற செய்தியை வாங்கும் முகவரி தளத்தைப் புதுப்பித்தபோது மாறியிருந்தது. கேட்வே பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. செய்தி கிடைக்காததால் தளம் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு 'தோல்வி' என்று எழுதிக்கொண்டது. எந்த வங்கியும் மறுக்கவில்லை என்பதால்தான் குறியீடே இல்லை. வேறு பக்கத்தில் அப்போதும் கட்டணம் நிறைவேறியது, அதனால்தான் எல்லா முயற்சியும் தோற்கவில்லை.

இந்த வகைத் தவறுதான் வாடிக்கையாளரை அதிகம் வதைக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவின்படி, கடைக்கு யுபிஐ-யில் கட்டிய பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு. ஆனால் இங்கே வங்கியின் பதிவில் பரிமாற்றம் வெற்றி, பணம் கடையின் கணக்கில் இருக்கிறது. வங்கியைப் பொறுத்தவரை திருப்ப எதுவுமே இல்லை. கடைக்காரர் தன் தவறைக் கண்டுபிடிக்கும்வரை வாடிக்கையாளருக்குப் புடவையும் இல்லை, பணமும் இல்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் வழுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, வங்கியின் பெயரையே தவறாக எடுத்துக்கொள்வது. யுபிஐ முகவரியின் வாலில் @oksbi என்று இருப்பதால் கணக்கு ஸ்டேட் வங்கியில்தான் என்று நினைக்கக் கூடாது. அந்த வால் செயலிக்குத் துணைநிற்கும் வங்கியைக் காட்டுகிறது. கணக்கு இந்தியன் வங்கியில் இருக்கலாம். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி யெஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, அதையே துணைவங்கியாக நம்பியிருந்த ஃபோன்பே முடங்கியது. வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்களும் அன்று ஃபோன்பேயில் பணம் அனுப்ப முடியவில்லை. கணக்கு வங்கி வாரியாக மட்டும் பிரித்திருந்தால் எல்லா வங்கியிலும் தோல்வி என்று தெரியும், கடைமேல் பழி விழும். எனவே கணக்கு வங்கியையும் முகவரியின் வாலையும் தனித்தனிப் பத்திகளில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பொதுப்படையான குறியீடுகள். U30 என்பது 'கணக்கிலிருந்து கழிக்க முடியவில்லை' என்று மட்டும்தான் சொல்கிறது. கார்டில் வரும் 05-உம் அப்படியே, வங்கி ஏற்கவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. பணம் இல்லாமலும் இருக்கலாம், வங்கி சந்தேகப்பட்டுத் தடுத்தும் இருக்கலாம். இவற்றை வங்கித் தவறு என்ற கணக்கில் போடாமல், உள்ளே இருக்கும் வங்கியின் குறியீட்டைக் கேட்வேயிடம் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே ஆள் திரும்பத் திரும்ப முயல்வது. வங்கி படுத்துவிட்ட இரண்டு மணி நேரத்தில் ஒருவரே மூன்று நான்கு முறை பொத்தானை அழுத்துவார். 150 தோல்விகள் ஐம்பது பேருடையவையாக இருக்கலாம். அதனால் முயற்சிகளை எண்ணுவதோடு, கடைசிவரை நிறைவேறாத ஆர்டர்கள் எத்தனை என்றும் எண்ண வேண்டும்.

தவறு வங்கியுடையது என்று தெரிந்தால் கடையால் அதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் 'இந்த வங்கியில் இப்போது தடங்கல், வேறு கணக்கையோ கார்டையோ பயன்படுத்துங்கள்' என்று எழுதிவைக்க முடியும். தவறு தன்னுடையது என்றால் அன்றே திருத்தலாம். நம் கடையில் ஆ வங்கி மறுநாளே சீராகிவிட்டது. ஆனால் வாரத்தின் பெரிய பங்கான 200 தோல்விகள், வங்கியையே பழித்துக்கொண்டிருந்தால் அடுத்த வாரமும் தொடர்ந்திருக்கும்.

இணையத்தில் பொருள் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்வேயிலிருந்து வரும் குறியீட்டை 'தோல்வி' என்ற ஒரு சொல்லாகச் சுருக்கிச் சேமிக்காதீர்கள். கணக்கு வங்கி, முகவரியின் வால், குறியீடு, நேரம் ஆகிய நான்கையும் வந்தபடியே எழுதி வையுங்கள். தினமும் ஒருமுறை, உங்கள் தளம் தோல்வி என்று குறித்த ஆர்டர்களைக் கேட்வேயின் வரவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வாடிக்கையாளரிடம் "உங்கள் வங்கிதான் காரணம்" என்று சொல்லும் முன், குறியீடு இல்லாத பத்தியில் ஏதாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்துவிட்டால், பொருளை அனுப்புங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள்.