வாரண்டி ஒரு வருடம், முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்

வாங்கிய பொருள் பழுதாகிவிட்டது என்று சட்டத்தரணியான என்னிடம் வருகிற பலர் வாரண்டி அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். "ஒரு வருடம் இருக்குத்தானே" என்பார்கள். அட்டையில் உள்ள காலமும் சட்டத்தில் உள்ள காலமும் ஒன்றல்ல.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப அமையாத பொருளை விற்றவர் மீது அதிகாரசபையிடம் முறையிடலாம். அட்டையில் எழுதாவிட்டாலும், விற்பனையில் உள்ளடங்கிய உத்தரவாதமும் இதில் சேரும். ஆனால் முறைப்பாடு எழுத்து மூலமாக, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்தே இந்தக் காலம் கணக்கிடப்படுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நானாட்டானைச் சேர்ந்த ஒருவர் ஜனவரி 10ஆம் திகதி மன்னார் நகரக் கடையொன்றில் 1,40,000 ரூபாவுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறார். இரண்டு வாரத்தில் குளிர் நின்றுவிடுகிறது. கடைக்காரர் அதைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்புகிறார். பெப்ரவரி கடைசியில் திரும்பி வந்த பெட்டி மார்ச்சில் மறுபடியும் நிற்கிறது. "அடுத்த மாதம் ஆள் வரும்" என்கிறார் கடைக்காரர். அதை நம்பி ஏப்ரல் 10ஐத் தாண்டிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

அதனால் இரண்டாவது முறை பழுதானதுமே எழுதிக் கொடுங்கள். மன்னார் மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகாரசபை அலுவலகத்தில் தமிழிலேயே கொடுக்கலாம். வாங்கிய திகதி, விலை, மாதிரி இலக்கம், பழுதான நாட்கள், உங்களுக்கு வேண்டியது என்ன என்பவற்றை எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். 1977 இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். ஆனால் அழைப்பு மட்டும் எழுத்து மூல முறைப்பாடு ஆகாது.

பற்றுச்சீட்டை வாங்கும்போதே கேட்டுப் பெறுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. திருத்தக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் திகதியும் பழுதும் எழுதிய துண்டு ஒன்றை வாங்கி வையுங்கள். "மின்னழுத்தத்தால் பழுதானது, எங்கள் பொறுப்பல்ல" என்று கடைக்காரர் விசாரணையில் சொல்லக்கூடும். ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்ததைக் காட்ட அந்தத் துண்டுகள் உதவும்.

விசாரணையில் இரு தரப்பும் கேட்கப்படும். முறைப்பாடு சரியெனக் கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகாரசபை கட்டளையிடும். விற்றவர் பணிய மறுத்தால், அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றம் ஊடாகத் தண்டப்பணம் போல அறவிடலாம்.

மூன்று மாதம் கடந்திருந்தால் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியியல் வழக்குப் போடலாம். ஆனால் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்காக அந்தச் செலவும் அலைச்சலும் பலருக்குக் கட்டாது. எனவே பற்றுச்சீட்டின் பின்புறத்தில் மூன்று மாதம் முடியும் திகதியை அன்றே எழுதி வையுங்கள்.