அம்மாவின் போன், அப்பாவின் கேமரா

“நெட் வரலடா” என்று ஊரிலிருந்து அம்மா சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். தெருவில் எங்கோ கேபிள் அறுந்திருக்கலாம், வீட்டு ரூட்டர் மக்கர் பண்ணலாம், அல்லது அம்மாவின் போன் மட்டும் வைஃபையை விட்டுக் கழன்றிருக்கலாம். முதலில் கேட்க வேண்டியது, “அப்பா போன்ல யூடியூப் ஓடுதா?” என்பதுதான். அப்பாவின் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டேட்டாவில் ஓடுவதைப் பார்த்து வைஃபை நன்றாக இருப்பதாக நினைத்துவிடுவோம்.

இரண்டு போனிலும் வரவில்லை என்றால் போனைத் தொடவே வேண்டாம், ரூட்டரைப் பார்க்கலாம். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் LOS என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மினுக்கினாலோ பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கம்பி அறுந்திருக்கும், அல்லது பீரோவை நகர்த்தும்போது மடங்கியிருக்கும். அது இணைப்புக்காரர் வந்து பார்க்க வேண்டிய வேலை. சிவப்பு இல்லையென்றால் ஸ்விட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டு, விளக்குகள் நிலைக்கும்வரை காத்திருக்கச் சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும், பக்கத்தில் Reset என்று எழுதியிருக்கும். அது ‘மறுபடி போடுவது’ அல்ல, ‘எல்லாவற்றையும் அழிப்பது’. வைஃபை பாஸ்வேர்டு போவதோடு, பல இணைப்புகளில் நிறுவனம் உள்ளே பதிந்து வைத்த பயனர் விவரமும் சேர்ந்து போய்விடும். பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். “ஸ்விட்சை அணைங்க” என்றே சொல்லுங்கள். ‘ரீசெட்’ என்ற சொல்லே உங்கள் வாயில் வர வேண்டாம்.

நான் டொரண்டோவில் இருக்கிறேன், பெற்றோர் கும்பகோணத்தில். அண்மையில் வீட்டில் இணைப்புப் பெட்டியை மாற்றினார்கள். வந்த பையன் புதுப் பாஸ்வேர்டு போட்டு, அப்பாவின் போனில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். அம்மாவின் போன் பழைய பெயரையே தேடிக்கொண்டு டேட்டாவில் ஓடியது. தினசரி ஒதுக்கீடு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும், அதில் வீடியோ அழைப்பு வராது. சீரியல் நிற்கிற இடத்தில்தான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

இந்த மாதிரிச் சமயத்தில் கெட்டுப்போன போனிலேயே அழைத்துப் பேசுவது பயனில்லை. நமக்குத் தெரிவது அம்மாவின் முகம்தான், திரை அல்ல. வீட்டில் இருக்கிற இன்னொரு போனில் அழைத்து, பின்பக்கக் கேமராவுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அம்மாவின் போனை மேசையில் படுக்க வைத்து, அப்பா தன் போனை ஒரு சாண் உயரத்தில் பிடித்தார். முதலில் தெரிந்தது டியூப்லைட்டின் வெள்ளைக் கோடுதான். “அப்பா, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க” என்றதும் எழுத்துகள் தெளிந்தன.

“செட்டிங்ஸ் போம்மா” என்றால் அம்மாவுக்குப் புரியாது. “மேலேருந்து கீழே விரலால இழு. விசிறி மாதிரி ஒண்ணு தெரியுதா? அதை அழுத்தியே பிடி” என்றால் புரியும். பக்கத்தில் இருக்கிற வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. எதையும் தொட வேண்டாம், முதல் நான்கு பெயரை வாசி என்றேன். அம்மா வாசிக்க வாசிக்க அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூட வந்தது.

புதுப் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. ஆனால் அப்பாவின் போனுக்குத் தெரியும். ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்திருக்கிற வைஃபையின் பெயருக்குப் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தொட்டால் Share என்றோ கியூஆர் படமாகவோ ஒன்று இருக்கும். போனின் பின் எண்ணையோ கைரேகையையோ கொடுத்தால் கட்டம் போட்ட கியூஆர் வரும். பல போன்களில் அதன் கீழே பாஸ்வேர்டும் எழுத்தாகவே தெரியும். அதற்காக அப்பா வாட்ஸ்அப்பை விட்டு வெளியே வந்தால் படம் நின்றுவிடும், குரல் மட்டும் கேட்கும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் “கட் ஆயிடுச்சு” என்று அழைப்பையே வைத்துவிடுவார்கள். என் படம் சின்னச் சதுரமாகி கியூஆரின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அதை விரலால் ஓரம் தள்ளச் சொன்னேன்.

அம்மாவின் போனில் வைஃபை பட்டியலுக்கருகே இருக்கும் ஸ்கேன் குறியைத் தொட்டு, அப்பாவின் திரைக்கு நேரே காட்டினார்கள். ஸ்கேன் ஆனது, இணைப்பு வரவில்லை. காரணம் பெயரில் இருந்தது. அப்பாவின் போன் இணைந்திருந்த பெயர் _5G என்று முடிந்தது. இது சிம் கார்டின் 5ஜி அல்ல, ரூட்டர் விடுகிற 5 கிகாஹெர்ட்ஸ் அலை. நிறைய ரூட்டர்கள் ஒரே இணைப்பை இரண்டு பெயரில் காட்டும். அம்மாவுடையது போன்ற பழைய, விலை குறைந்த போன்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். அவற்றின் பட்டியலில் _5G பெயர் வரவே வராது. அதனால்தான் வாசிக்கச் சொன்னபோதும் அம்மா அதைச் சொல்லவில்லை.

இரண்டு பெயருக்கும் பெரும்பாலும் ஒரே பாஸ்வேர்டுதான். கியூஆருக்குக் கீழே இருந்ததை அப்பா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு அழைப்புக்குத் திரும்பினார். அம்மா _5G இல்லாத பெயரைத் தொட்டார். பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை முதலில் தொடச் சொன்னேன், இல்லாவிட்டால் எழுதுவதெல்லாம் புள்ளியாகவே தெரியும். சைபரா ஆங்கில ‘ஓ’வா, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று நானும் அப்பாவின் கேமரா வழியாகவே பார்த்துக்கொண்டேன்.

ஒருவேளை பெயர் பழையதே, பாஸ்வேர்டு மட்டும் மாறியிருக்கிறது என்றால், போன் பழையதையே கொடுத்துக்கொண்டு ‘தவறான பாஸ்வேர்டு’ என்று சொல்லும். அப்போது பல்சக்கரத்தில் Forget கொடுத்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். ஆனால் சரியான பாஸ்வேர்டு கையில் இருந்தால் மட்டுமே அதைத் தொடச் சொல்லுங்கள். ‘இணைந்தது, இன்டர்நெட் இல்லை’ என்று வந்தால் பாஸ்வேர்டில் குற்றமில்லை, பெட்டியையோ கம்பியையோ பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரே போன்தான் என்றால் மொபைல் டேட்டாவில் அழைத்து, வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரச் சொல்லலாம். 2023 முதல் அந்த வசதி இருக்கிறது. வைஃபைக்கு மாறும் நொடியில் அழைப்பு சற்றுத் தடுமாறும், அதையும் சொல்லி வைக்க வேண்டும். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. திரை பகிர்ந்திருக்கும்போது வருகிற ஓடிபியும் எதிரே இருப்பவருக்குத் தெரியும். மோசடிக்காரர்கள் கேட்பதும் இதையேதான். பெற்ற பிள்ளை அழைத்தால் தவிர யாருக்கும் திரையைக் காட்டக் கூடாது என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது _5G இல்லாத பெயரின் கியூஆரை அச்செடுத்து, கீழே பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தில் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். பாஸ்வேர்டை யார் மாற்றினாலும் அந்தத் தாள் செல்லாது, அன்றைக்கே வேறு தாள் ஒட்டியாக வேண்டும்.