டிக்கெட் ஐம்பது, டீ பதினைந்து

இடைவேளை விசில் அடித்ததும் மைதானத்தைப் பார்க்காதீர்கள், டீக்கடைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். எழுவர் கால்பந்தில் இடைவேளைக்குச் சுமார் பத்து நிமிடம். எண்ணூறு பேர் கூடிய மைதானத்தில் ஒரே ஒரு மேசை, அதன் பின்னால் ஒரே ஒருவர். அவரே காசு வாங்குகிறார், சில்லறை தேடுகிறார், டீ ஊற்றுகிறார், கையில் கொடுக்கிறார். ஓர் ஆளுக்குக் கால் நிமிடம் என்று வைத்தால் பத்து நிமிடத்தில் நாற்பது டீ. வரிசையில் நின்ற மற்றவர்கள் அடுத்த பாதி தொடங்கியதும் போய்விடுகிறார்கள். அவர்கள் சட்டைப் பையில் இருந்த பதினைந்து ரூபாய் அப்படியே வீட்டுக்குப் போகிறது.

சின்ன கிளப்புகளின் ஆட்ட நாள் வருமானம் இப்படித்தான் கண் முன்னாலேயே கைநழுவுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலும் கேரளத்தின் மலப்புறம் பக்கத்திலும் டிக்கெட் வாங்கிக் கால்பந்து பார்க்கும் பழக்கம் உண்டு. அங்கே ஒரு பேரூரில் சொந்த மைதானமும் மூன்று பக்கம் மதிலும் உள்ள ஒரு சங்கம், ஞாயிறு இரவு வெளியூர் அணியை அழைத்து ஓர் ஆட்டம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் செலவு. பந்து உருண்டாலும் உருளாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய பணம் இது. வெளியூர் அணிக்கு வண்டிச் சத்தமும் சாப்பாடும் சேர்த்து 12,000 ரூபாய். சவுக்குக் கம்பில் கட்டும் கேலரிக்கு 10,000. விளக்கு, ஜெனரேட்டர், டீசலுக்கு 9,000. நடுவர்களுக்கு 4,000, நோட்டீசும் டிக்கெட் அச்சும் 4,000. மைக் செட், ஆம்புலன்ஸ், பந்தும் கோடு போடும் சுண்ணாம்பும் தண்ணீரும் என்று ஒவ்வொன்றுக்கும் 3,000. ஆட்ட நாயகன் பரிசுக்கு 2,000. மொத்தம் 50,000 ரூபாய். இந்தத் தொகையை எழுதி முடிக்கும்வரை வரவைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது என் கட்சி. ஏனென்றால் கமிட்டிக் கூட்டத்தில் எப்போதும் வரவுதான் முதலில் பேசப்படும். "தொள்ளாயிரம் பேர் வருவான், ஆளுக்கு ஐம்பது, நாற்பத்தையாயிரம்" என்று ஒருவர் சொன்னதும் எல்லார் முகமும் மலர்ந்துவிடும். அதற்குப் பிறகு செலவெல்லாம் சின்னதாகவே தெரியும்.

அந்தத் தொள்ளாயிரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நல்ல நாளில் மைதானத்தில் எண்ணூறு தலை தெரியலாம். அதில் ஆட்டக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் இருப்பார்கள், உபயதாரர்களுக்குக் கொடுத்த பாஸ் இருக்கும், சிறுபிள்ளைகள் இருப்பார்கள், மைக் செட்காரரின் நண்பர்கள் இருப்பார்கள், நான்காவது பக்கத்து வேலியைத் தாண்டி வந்தவர்களும் இருப்பார்கள். காசு கொடுத்து வந்தவர் ஐந்நூறு பேர் என்றால் அது சாதாரண நிலவரம். ஆக வாசல் வரவு 25,000. கண்ணுக்குத் தெரியும் கூட்டத்தை விலையால் பெருக்குவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

ஐந்நூறா, நானூறா என்று சரிபார்க்க வழி எளிது. டிக்கெட் புத்தகத்தில் எண் அச்சடித்திருக்க வேண்டும். வாசலில் உட்காருபவரிடம் புத்தகம் கொடுக்கும்போது தொடக்க எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், முடிந்ததும் கடைசி எண்ணை எழுத வேண்டும். உள்ளே விடுபவர் வேறு ஆள். அவர் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை டப்பாவில் போடுவார். இரவில் அடிக்கட்டையும் டப்பாவிலுள்ள துண்டும் கையிலுள்ள பணமும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அடிக்கட்டையை விடத் துண்டு மிகவும் குறைந்தால் கிழிக்காமல் விட்ட டிக்கெட் திரும்ப விற்பனைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் குறைந்தால் பெரும்பாலும் கைபேசிப் பணம்தான் காரணம். வாசலில் ஒட்டிய க்யூஆர் அட்டை யாரோ ஒரு பையனின் சொந்தக் கணக்குக்குப் போகிறதா, சங்கத்தின் கணக்குக்கா என்று ஆட்டத்துக்கு முன்பே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடலாம். பாஸ்களுக்கும் எண் வேண்டும். பாஸ் கொடுப்பது தப்பே இல்லை, எத்தனை கொடுத்தோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான் தப்பு.

ஆள் ஒன்றுக்கு 500 ரூபாய் வரையிலான விளையாட்டு அனுமதிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் ஐம்பது ரூபாய் டிக்கெட்டுக்கு அந்தக் கவலை இல்லை. கேளிக்கை வரி உண்டா என்று பேரூராட்சி அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி டீ. ஒரு டீக்குப் பால், தூள், சர்க்கரை, கேஸ், கப் எல்லாம் சேர்த்து ஏழு ரூபாய் ஆகிறது, பதினைந்துக்கு விற்கிறோம், எட்டு ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். இங்கே விலையை இருபதாக்குவதை விட வரிசையைச் சுருக்குவதுதான் பலன் தரும். ஆட்டம் நடக்கும்போதே இரண்டு பிள்ளைகள் கேலரிக்குள் போய் டோக்கன் விற்றுவிட வேண்டும். விசில் அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தட்டில் கப்புகளை நிரப்பத் தொடங்க வேண்டும். டோக்கனை வாங்கிக் கப்பைக் கொடுப்பதற்கு ஐந்து விநாடி போதும். அப்போது ஒரு மேசையில் பத்து நிமிடத்துக்கு நூற்றிருபது டீ போகும், இரண்டு மேசை போட்டால் இருநூற்று நாற்பது. பால் அதே பால், அடுப்பு அதே அடுப்பு.

டோக்கனில் இன்னொரு நன்மையும் உண்டு. காசைத் தொடுபவரும் டீயைத் தொடுபவரும் வேறு வேறு ஆளாகிவிடுகிறார்கள். கணக்குக்குக் கப்பை எண்ணினால் போதும். ஐந்நூறு கப் வாங்கினோம், இருநூற்றைம்பது மீதி, அப்படியென்றால் 3,750 ரூபாய் இருக்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்கும் நடுவர்களுக்கும் கொடுத்த டீக்கு வேறு நிறக் கப் வைத்தால் "சும்மா குடித்தார்கள்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

தண்ணீர் பாட்டிலை அதில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது, கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டாலும் சரி. வடையும் சுண்டலும் மிஞ்சினால் அப்படியே நஷ்டம், அதனால் முதலில் பாதி அளவு மட்டும் போட்டு, ஆட்டம் தொடங்கியதும் தலைகளைப் பார்த்து அடுத்த ஈடு போடுவதுதான் முறை. இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் ஐந்நூறு டிக்கெட் விற்ற இரவில் டீயில் 2,000, தண்ணீரில் 1,200, பலகாரத்தில் 1,800 என்று 5,000 ரூபாய் நிற்கும். நடத்த ஆளில்லாத சங்கம், கடை போடும் உரிமையை முன்பணம் வாங்கிக்கொண்டு ஊர் டீக்கடைக்காரருக்கே கொடுத்துவிடலாம். தொகை குறையும், மழை பெய்தாலும் அது கையில் இருக்கும்.

மூன்றாவது உபயம். இதைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன கிளப் மூழ்குவது பெரும்பாலும் இங்கேதான். டயர்க் கடை, நகைக் கடை, டிரைவிங் ஸ்கூல், பல் மருத்துவமனை என்று ஏறி இறங்கி நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாக்கு வாங்கிவிடுவார்கள். ஆட்டத்துக்கு மறுநாள் போனால், "விளையாட்டு நல்லா இருந்ததாமே தம்பி, அடுத்த வாரம் வா, பார்த்துக்கலாம்" என்று அண்ணாச்சி அன்பாகத்தான் சொல்வார். அவர் பெயர் ஏற்கெனவே பலகையில் தொங்கி முடிந்துவிட்டது, இனி அவசரம் அவருக்கு இல்லை. ஆகவே பட்ஜெட்டில் உபயத்துக்கு ஒரே விதிதான். வியாழக்கிழமைக்குள் சங்கத்தின் கணக்கில் விழுந்த பணம் மட்டுமே வரவு. வெள்ளிக்கிழமை பலகை அச்சுக்குப் போகும்போது பணம் வந்தவர் பெயர் மட்டும் போகும்.

வந்த பணமும் முழுப் பணம் இல்லை. ஒருவர் 2,500 தருகிறார், அவருக்காகச் சட்டம் அடித்த ஃபிளெக்ஸுக்கு ஆயிரத்துக்கு மேல் போகிறது, மேடையில் சால்வையும் உண்டு. நிற்பது ஆயிரத்துச் சொச்சம். அதனால்தான் சின்ன உபயங்களை ஒரே பலகையில் சேர்த்து எழுதுவதும் மைக்கில் பெயர் சொல்வதும் லாபம். கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. கோப்பை தர ஊரில் ஆள் உண்டு, டீசலுக்குத் தர ஆள் இல்லை. ஆளுயரக் கோப்பை வந்து நின்றாலும் நம் ஐம்பதாயிரத்தில் ஒரு ரூபாய் குறையாது. கோவிலில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்காதவர் இல்லை. அதே முறையில் "இன்றைய வெளிச்சம் உபயம்", "இன்றைய நடுவர் செலவு உபயம்" என்று நம் செலவுப் பட்டியலையே உபயப் பட்டியலாக மாற்றிக் கொண்டுபோனால், கிடைப்பது நேராகச் செலவைக் குறைக்கும்.

பலகைச் செலவு போக 20,000 ரூபாய் வியாழனுக்குள் வந்துவிட்டது என்று கொள்வோம். வாசல் 25,000, டீக்கடை 5,000. கூட்டினால் ஐம்பதாயிரம், செலவும் ஐம்பதாயிரம். ஐந்நூறு டிக்கெட் விற்ற ஒரு நல்ல இரவில், ஒரு மாதம் அலைந்த பிறகு, கையில் மிஞ்சுவது பூஜ்யம். மாலையில் மழை தூறி இருநூறு பேர் மட்டும் வந்தால் வாசல் 10,000, கடையில் 1,500. பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன். அந்தக் கடனைப் பொதுவாகப் பொருளாளர் தன் மனைவியின் வளையலை வைத்து அடைப்பார், அடுத்த ஆண்டு பொருளாளராக இருக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

இப்போது அதே ஆட்டத்தைப் பிப்ரவரியில் மாலை நான்கு மணிக்கு வையுங்கள். விளக்குக்கான 9,000 இல்லை. கேலரியும் வேண்டாம், மேட்டிலும் தரையில் விரித்த பாயிலும் உட்காரட்டும், 10,000 இல்லை. செலவு 31,000 ஆகிறது. உபயம் அதே இருபதாயிரம் என்றால் இன்னும் தேவை பதினோராயிரம்தான். இருநூறு பேர் வந்த மோசமான நாளிலேயே அது கிடைத்துவிடுகிறது. பகல் ஆட்டத்துக்குக் கூட்டம் குறையும், உண்மைதான். முந்நூற்றைம்பது டிக்கெட் என்று வைத்தாலும் வாசல் 17,500, கடை 3,500. பத்தாயிரம் ரூபாய் மிஞ்சும். வெளிச்சத்துக்கு உபயம் தரத் தயாராக இருந்தவரை நடுவர் செலவுக்கு மாற்றிவிட வேண்டியிருக்கும், அந்தப் பேச்சை முன்னதாகவே பேசிவிட வேண்டும்.

கேலரியைப் பற்றிய என் தயக்கம் பணத்தால் மட்டும் வந்ததில்லை. 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்கோட்டில் எழுவர் ஆட்டத்தின் தற்காலிக கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். எண்ணூறு பேரைத் தாங்கும் கம்பும் கயிறும் பத்தாயிரத்துக்குள் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், எதைக் குறைத்துக் கட்டுகிறார் என்று கேட்க வேண்டும். கட்டுபவரைத் தவிர இன்னொருவர் வந்து ஏறிப் பார்த்துச் சொல்லாமல் ஒருவரையும் ஏற்றக் கூடாது.

திங்கட்கிழமைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஞாயிறன்று மறக்காமல் ஒரு படம் எடுத்திருக்க வேண்டும், பலகையும் அதன் பின்னால் கூட்டமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. அதை அச்சுப் போட்டு, பின்பக்கம் "விற்ற டிக்கெட் 352" என்று கையாலேயே எழுதி, ஒரு இளைஞரை அனுப்பாமல் செயலாளரே டயர்க் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்று காசு எதுவும் கேட்கக் கூடாது. அண்ணாச்சி அந்தப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் சொருகி வைப்பார்.