கூடை வரை வந்தவர்கள் எங்கே போனார்கள்?

இணையக் கடையின் கணக்குப் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது வருகை எண்ணிக்கை. ஷாப்பிஃபை, கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டுமே இதை Sessions என்று காட்டுகின்றன. இது ஆள் கணக்கு அல்ல. ஒருவரே காலையில் பேருந்தில் போகும்போது கடையைப் பார்த்துவிட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வந்தால் இரண்டு வருகை. அரை மணி நேரம் திரையைத் தொடாமல் விட்டாலும் பழைய வருகை முடிந்து, அடுத்த தொடுதலில் புதியது தொடங்கும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும், பொருளின் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் போன கடைக்காரரும்கூட இதில் சேர்ந்துவிடலாம். ஆகவே வருகை ஏறியதைப் பார்த்து மட்டும் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

நூறு வருகையில் எத்தனை ஆர்டராக முடிந்தன என்பதே கன்வர்ஷன் ரேட். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு விற்கும் ஒரு வீட்டுத் தொழில் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 நாளில் 2,400 வருகை. அவற்றில் 168 வருகைகளில் பொருள் கூடைக்குப் போனது. 96 வருகைகள் முகவரி கேட்கும் செக்அவுட் பக்கம் வரை வந்தன. 36 ஆர்டராக முடிந்தன. 36-ஐ 2,400-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1.5 சதவீதம்.

இந்த 1.5 நல்லதா, கெட்டதா என்று கேட்பதில் பயன் குறைவு. யாருடைய வருகைகள் அவை என்று பிரித்துப் பார்ப்பதே முக்கியம். இந்தக் கடைக்கு இன்ஸ்டாகிராம் வழியாக 1,500 வருகை, 9 ஆர்டர். கூகுளில் தேடி வந்தவை 500, அதில் 15 ஆர்டர். வாட்ஸ்அப் இணைப்பு வழியாகவும் நேரடியாகவும் வந்தவை 400, அதில் 12 ஆர்டர். தேடி வந்தவர்களிடமும் தெரிந்தவர்களிடமும் 3 சதவீதம் விற்கிறது. ரீல்ஸ் பார்த்து எட்டிப் பார்த்தவர்களிடம் 0.6 சதவீதம்தான். அடுத்த மாதம் ஒரு ரீல் நன்றாக ஓடி இன்ஸ்டாகிராம் வருகை இரண்டு மடங்கானால் மொத்த கன்வர்ஷன் ரேட் இறங்கும். கடை கெட்டுப்போய்விட்டது என்று பதறி வடிவமைப்பை மாற்றுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். உண்மையில் ஆர்டர் கூடியிருக்கும்.

அடுத்தது படிப்படியான இழப்பு. கூடையில் போட்ட 168-ல் 132 வாங்காமல் போயின, கைவிடப்பட்டவை 78.6 சதவீதம். டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரியே சுமார் 70 சதவீதம். விலை பார்க்கவும், பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கவும் கூடையைப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம். அவர்களை ஒதுக்கிவிட்டுக் கேட்டாலும், பாதியில் விட்டதற்கு மக்கள் முதலில் சொல்லும் காரணம் டெலிவரி, வரி போன்ற கூடுதல் செலவுகள்தான் என்று அதே நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன.

கூடையில் விட்டதும் செக்அவுட்டில் விட்டதும் ஒன்றல்ல. கூடையோடு நின்றவர் பெரும்பாலும் பெயரில்லாத வெறும் எண். செக்அவுட்டில் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்துவிட்டு நின்றவர்தான் ஷாப்பிஃபையின் Abandoned checkouts பட்டியலில் வருவார். இந்தக் கடையில் செக்அவுட்டில் நின்றவை 60. பட்டியலில் இருப்பவை 44. சிறு கடைக்காரர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டியது இந்த 44-ஐத்தான். பெரிய கடைகளுக்கு இந்த வசதி கிடையாது.

படித்தால் என்ன தெரிகிறது? 44-ல் 31 ஆர்டர்கள் 500 ரூபாய்க்குக் குறைந்தவை. முடிந்த 36 ஆர்டர்களில் அப்படிப்பட்டவை 9 மட்டுமே. 180 ரூபாய்க்கு ஒரே ஒரு இட்லிப்பொடி எடுத்தவர் கடைசிப் பக்கத்தில் 80 ரூபாய் டெலிவரியைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார். பணம் செலுத்துவதில் கோளாறோ என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேமென்ட் கேட்வேயின் பக்கத்தில் தோல்வியடைந்த முயற்சிகள் தனியே தெரியும். இந்த 44-ல் 5 பேரே யுபிஐ வரை போய்த் தோற்றிருக்கிறார்கள். மற்றவர்கள் பணம் கட்ட முயலவே இல்லை. 44-ல் 30 பேர் யுபிஐயில் தோற்றிருந்தால் பார்க்க வேண்டிய இடமே வேறு.

இனி செய்ய வேண்டியது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். டெலிவரிக் கட்டணத்தைப் பொருளின் பக்கத்திலேயே எழுதி, மூன்று பொடி சேர்ந்த 540 ரூபாய் காம்போவுக்கு டெலிவரி இலவசம் என்று வைக்கலாம். இது டெலிவரி என்ற ஒரே விஷயத்தைத் தொடுவதால் ஒரு மாற்றமாகவே கொள்ளலாம். இதே வாரத்தில் படங்களையும் விலையையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று பிறகு சொல்லவே முடியாது.

அடுத்த 30 நாளில், வருகை அதே 2,400 இருக்க, கூடை 150 ஆகக் குறைகிறது, செக்அவுட் 100, ஆர்டர் 50. கூடை குறைந்ததில் கவலைப்பட ஏதுமில்லை. 80 ரூபாய் கொடுக்க மனமில்லாதவர் இப்போது முன்னாலேயே விலகிக்கொள்கிறார், அவ்வளவுதான். செக்அவுட்டுக்கு வந்தவர்களில் வாங்கியவர்கள் 37.5-லிருந்து 50 சதவீதம் ஆனதே கவனிக்க வேண்டியது.

இதையும் உடனே நம்பிவிடக் கூடாது. எதையும் மாற்றாமல் இருந்தாலே ஆர்டர் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஆடும். அந்த ஆட்டத்தைத் தோராயமாக அறிய ஆர்டர் எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்கலாம். 36-க்கு அது 12. அதாவது 24-லிருந்து 48 வரை எந்த எண் வந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம். முதல் மாதத்து 36-ம் அப்படி ஆடிய எண்தான் என்பதால், 50 நம்பிக்கை தருகிறதே தவிரச் சான்றாகாது. இன்னொரு மாதம் காத்திருந்து இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தீபாவளி மாதத்தை ஆடி மாதத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பொருளற்றுப் போகும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது கன்வர்ஷன் ரேட் காட்டாத எண். முன்பு ஓர் ஆர்டரில் செலவு போக 150 ரூபாய் நின்றது என்றால் 36 ஆர்டருக்கு 5,400. காம்போவிலும் டெலிவரிக்கு முன் அதே 150 நிற்பதாகக் கொண்டால், இப்போது 50 ஆர்டருக்கு 7,500. அதில் 25 காம்போ ஆர்டர்களுக்கான டெலிவரியைக் கடையே ஏற்றதால் 2,000 கழியும், மிஞ்சுவது 5,500. பதினான்கு ஆர்டர் கூடுதலாகப் பொட்டலம் கட்டியும் லாபம் நூறு ரூபாய். கேஷ் ஆன் டெலிவரியில் போய் ஆர்டிஓ ஆகித் திரும்பி வந்த பார்சல் ஒன்றிரண்டு இருந்தால் அதுவும் போய்விடும். காம்போவை 540-லிருந்து 570 ஆக்கினால் அதே 25 ஆர்டரில் 750 ரூபாய் மீளும். அந்த விலையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அடுத்த மாதத்துப் பட்டியல் சொல்லும்.