7+ என்றால் ஏழு வயதில் ஆடலாமா?

(மாணவர்களே, உங்கள் வகுப்பாசிரியர் எழுதும் இந்தக் கடிதத்தை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.)

அன்புள்ள பெற்றோருக்கு,

பிளே ஸ்டோரில் எந்த கேமைத் திறந்தாலும் 3+, 7+, 12+, 16+, 18+ என்ற எண்களில் ஒன்று இருக்கும். அது கேம் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்வதில்லை. பெரியவர்களையே திணறடிக்கும் சதுரங்கத்துக்கும் 3+ கிடைக்கும். சண்டை, ரத்தம், பயமூட்டும் காட்சி, கெட்ட வார்த்தை, சூதாட்டம் ஆகியவை எந்த அளவுக்கு உண்டு என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

எண்ணை யார் போடுகிறார்கள்? கேமைத் தயாரித்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். அடிபடுவது மனிதரா, கற்பனை உருவமா, ரத்தம் தெரிகிறதா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். பதில்களை வைத்து ஐ.ஏ.ஆர்.சி. என்ற பன்னாட்டு அமைப்பின் முறை வயதைக் கணக்கிடுகிறது. கார்ட்டூன் அடிதடி 7+ ஆகலாம். நிஜம்போல் தெரியும் சண்டை 16+ ஆகலாம்.

ஆனால் விளையாடும்போது முகம் தெரியாத ஒருவர் என்ன பேசுவார் என்பது தயாரித்தவருக்கே தெரியாது. அதனால் அது எண்ணுக்குள் அடங்குவதில்லை. எண்ணோடு Users Interact என்று இருந்தால், அந்நியர்களோடு பேச வழி உண்டு. In-App Purchases என்று இருந்தால், உள்ளே காசு கேட்பார்கள். 3+ கேமிலும் இவை இரண்டும் இருக்கலாம்.

அடுத்தது நேர வரம்பு. 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். டிவியும் இதில் சேர்த்தி.

ஆண்ட்ராய்டு போனில் Digital Wellbeing பகுதிக்குப் போய் ஒரு கேமுக்கு மட்டும் நேரம் குறிக்கலாம். நேரம் முடிந்ததும் கேம் மூடிக்கொள்ளும், அதன் படம் மங்கிவிடும். நள்ளிரவில் கணக்கு மறுபடி தொடங்கும். பிள்ளையே அந்த அமைப்புக்குள் போய் நேரத்தைக் கூட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் இதன் ஓட்டை. Family Link செயலியில் அது நடக்காது. ஆனால் அது பிள்ளையின் கணக்கோடு இணைந்தது. அம்மாவின் கணக்கில், அம்மாவின் போனில் ஆடினால் அந்த நேரம் Family Link வரம்பில் சேராது.

இன்னொன்று: ஓர் ஆட்டம் 25 நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் கொடுத்தால் மூன்றாவது ஆட்டம் பத்தாவது நிமிடத்தில் அறுந்துபோகும். வீட்டில் சண்டை தொடங்குவது அங்கேதான். "இன்று இரண்டு ஆட்டம்" என்று முன்பே பேசி முடிவுசெய்து, வரம்பை 55 நிமிடமாக வையுங்கள்.

இன்று மாலை உங்கள் பிள்ளை ஆடும் கேமின் பக்கத்தை இருவரும் சேர்ந்து திறந்து, எண்ணையும் அதோடு உள்ள வரிகளையும் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியர், ஐந்தாம் வகுப்பு